ரவிக்கையில் ஜரிகை வேலை தையலாகத் தெரியவில்லை, அப்பியது போலிருக்கிறது (Blender, Cycles)

தறிமேடை: கல்யாண ரவிக்கை மாடல் ஒன்று செய்கிறேன். கை ஓரத்தில் மாங்காய், ஜரிகையில் சங்கிலித் தையல், சுற்றிலும் சமிக்கி. நிஜ ரவிக்கையைப் போட்டோ எடுத்து அதையே டெக்ஸ்சராகப் போட்டு, Metallic 1 வைத்தேன். ரெண்டரில் மஞ்சள் பெயின்ட்டை விரலால் இழுத்துவிட்ட மாதிரி வருகிறது. டெக்ஸ்சர் 4096, ரவிக்கை முழுவதற்கும் ஒன்றுதான்.

பிக்சல்பாண்டி: 8192 போடுங்க, சரியாகிவிடும்.

ஊசிமுனை: சட்டத்தில் துணி தளர்ந்தால் சங்கிலி இப்படித்தான் படுத்துவிடும். இழுத்துக் கட்டுங்க தம்பி.

தறிமேடை: அக்கா, இது கம்ப்யூட்டர் படம்! பாண்டி, 8192 போட்டாச்சு. இப்போது கூர்மையான பெயின்ட்.

விளக்கடி: விளக்கை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நகர்த்திப் பாருங்கள். ஜரிகையின் மினுக்கு அங்கேயே நின்றால், போட்டோ எடுத்தபோது விழுந்த வெளிச்சம்தான் தெரிகிறது, உங்கள் விளக்கு அல்ல.

தறிமேடை: நகரவே இல்லை.

விளக்கடி: அப்போ நிறத்துக்கு ஒரே தங்க நிறம் போதும். தையலை மேடுபள்ளப் படமாக வரைந்து Bump-இல் கொடுங்கள். இழைகளைத் தையல் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும். பக்கத்துப் பக்கத்து இதழ்கள் வெவ்வேறு கோணத்தில் மினுங்குவது அதனால்தான். பாண்டி சொன்னதும் பாதி சரி. ஒரு மீட்டர் துணிக்கு 4096 என்றால் மில்லிமீட்டருக்கு 4 பிக்சல். அரை மில்லிமீட்டர் இழைக்கு 2 தான் கிடைக்கும். ஓரத்துக்கு மட்டும் தனி UV வைத்து, 10 செ.மீ. மாங்காயை 2048-இல் வரைந்தால் அதே இழைக்கு 10 பிக்சல் வரும். சமிக்கியை வரையாதீர்கள். 3 மி.மீ. தட்டு ஒன்று செய்து, கோட்டின் மேல் 2.5 மி.மீ. இடைவெளியில் Instance on Points.

ஊசிமுனை: கம்ப்யூட்டரா, நான் துணி என்று நினைத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். சமிக்கி தட்டையாக உட்காராது. ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி, மீன் செதில் மாதிரி சாய்ந்திருக்கும். நடு ஓட்டையிலிருந்து ஓரத்துக்கு நூல் தெரியும். நூல் இறங்கும் இடத்தில் துணி லேசாகக் குழியும்.

விளக்கடி: அருமை. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றும் இன்னும் ஐந்தாறு டிகிரி முன்பின்னாக இருக்கட்டும். Random Value-ஐ Rotate Instances-இல் கொடுத்தால் போதும்.

தறிமேடை: மாங்காய் இப்போது தையல்தான்! சமிக்கி மட்டும் தூரத்து ஷாட்டில் ஒன்றோடொன்று கரைகிறது.

விளக்கடி: Denoise-ஐ அணைத்து ஒரு ரெண்டர் எடுங்கள். புள்ளி புள்ளியாக இருந்தாலும் தட்டுகள் தனித்தனியாகத் தெரிந்தால், கரைத்தது அதுதான். சிறு மினுக்கையும் இரைச்சலையும் அது பிரித்தறியாது. சாம்பிளைக் கூட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

தறிமேடை: 512-லிருந்து 2048 ஆக்கினேன், ஸ்டில் சரியாகிவிட்டது. பெண் நடந்து வரும் காட்சியில் மட்டும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துடிக்கிறது. யாராவது சமாளித்திருக்கிறீர்களா?

பிக்சல்பாண்டி: எனக்கும் அதே. கடைசியில் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்விட்டேன்.