அப்பச்சியின் 2008 கணக்கு: சந்தை மீண்ட பிறகும் பணம் ஏன் மீளவில்லை?

முகப்புத்திண்ணை (காரைக்குடி)
எங்கள் அப்பச்சி 2008 ஜனவரியில் ஓய்வு பெற்றார். வந்த 40 லட்சத்தையும் சென்செக்ஸ் குறியீட்டு ஃபண்டில் போட்டு, மாதம் 25,000 ரூபாய் வருகிற மாதிரி எஸ்.டபிள்யூ.பி. எழுதிக் கொடுத்தார். சென்செக்ஸ் அப்போது 21,000 பக்கம். அந்த அக்டோபர் கடைசியில் 10,000-க்கும் கீழே. 2010 தீபாவளிக்குத் திரும்பவும் 21,000-ஐத் தொட்டது. அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு.

ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் ஏறக்குறைய 27½ லட்சம்தான். 34 மாதத்தில் அவர் எடுத்தது எட்டரை லட்சம். 31½ லட்சமாவது நிற்க வேண்டாமா? ஐந்தொகை எழுதிப் பழகிய மனிதர், அந்த 4 லட்சம் எங்கே போனது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா?

பள்ளத்தூர்க்காரன்
ஃபண்ட் கட்டணம் தின்றிருக்கும். மற்றபடி சந்தை எப்போதும் மீண்டுதான் வந்திருக்கிறது. நீண்ட காலச் சராசரி நன்றாக இருந்தால் போதும், நடுவில் எந்த வருடம் விழுந்தால் என்ன?

கொத்தமங்கலம் குமரன்
நானும் 2008-ல் சந்தையில் இருந்தேன். மாதாமாதம் எஸ்.ஐ.பி. கட்டினேன், விழுந்தபோது நிறைய யூனிட் கிடைத்தது. அந்த வருடம் எனக்கு நல்லதுதான் செய்தது. அப்பச்சி பதறிப்போய் விற்றுவிட்டாரா?

தேவகோட்டை கணக்கர்
குமரன் தம்பி, உங்களுக்கு நல்லது செய்த அதே விஷயம்தான் அப்பச்சிக்குக் கெடுதல் செய்தது. அவர் பதறவே இல்லை. எஸ்.டபிள்யூ.பி. மாதாமாதம் தானாக விற்றது.

யூனிட் 100 ரூபாய் என்று அவர் தொடங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். 40,000 யூனிட். 25,000 ரூபாய்க்கு 250 யூனிட் விற்றால் போதும். அக்டோபர் கடைசியில் யூனிட் 47 ரூபாய்க்கும் கீழே. அதே 25,000-க்கு 530-க்கு மேல் விற்க வேண்டும். சென்செக்ஸின் மாதக் கடைசிப் புள்ளிகளை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். 34 மாதத்தில் சுமார் 12,500 யூனிட் போயிருக்கிறது. விலை 100-லேயே நின்றிருந்தால் 8,500 தான் போயிருக்கும். சந்தை ஏறியபோது அந்த 4,000 யூனிட் ஏறுவதற்கு இல்லை. 4 லட்சம் அங்கேதான் போனது, கட்டணத்தில் இல்லை.

பள்ளத்தூர் அண்ணே, பணத்தைத் தொடாதவருக்கு நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எடுத்துச் சாப்பிடுகிறவருக்கு வரிசை முக்கியம். ஐந்து வருடம்: 30% இறக்கம், பிறகு 0, 10, 20, 30% ஏற்றம். 40 லட்சத்தைத் தொடாமல் விட்டால், இதைத் தலைகீழாகப் போட்டாலும் 48 லட்சம்தான். வருட ஆரம்பத்தில் 3 லட்சம் எடுத்துப் பாருங்கள். இறக்கம் முதலில் வந்தால் கடைசியில் 25½ லட்சம். இறக்கம் கடைசியில் வந்தால் 35 லட்சம். சராசரி ஒன்றே.

இன்னொன்றும் கவனியுங்கள். 40 லட்சத்தில் வருடம் 3 லட்சம் என்பது 7½%. அதுவே அதிகம் என்பேன். 27½ லட்சத்தில் அது 11% ஆகிவிட்டது. அடுத்து 2011-ல் சென்செக்ஸ் கால் பங்கு விழுந்தது. சரிவு வந்த வருடத்தில், எடுக்கிற தொகை மீதியிருப்பில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் சந்தை மீளும் என்று காத்திருப்பதில் பயனில்லை, தொகையைக் குறைக்க வேண்டும்.

கானாடுகாத்தான் ஆச்சி
எங்க வீட்டு ஐயாவும் அந்த வருடம்தான் ஓய்வு பெற்றார். 15 லட்சத்தைத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டிருந்தோம், அப்போது வட்டி 9%. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 33,750 ரூபாய் வந்துவிடும். பற்றாததற்கு வங்கி டெபாசிட்டை உடைத்தோம். ஃபண்டில் இருந்ததை 2010 வரைக்கும் தொடவே இல்லை. கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை அப்பா, ஐயாவுக்கு வட்டிதான் பழக்கம்.

பள்ளத்தூர்க்காரன்
கணக்கர் சொன்னது புரிகிறது. நான் அடுத்த சித்திரையில் ஓய்வு பெறுகிறேன். மாதச் செலவைக் குறைத்துக்கொள்ளலாம். பங்காளிகள் சேர்ந்து பெரிய வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம், என் பங்கு 6 லட்சம். இதைக் குறைக்க முடியாதே. எத்தனை வருடச் செலவைச் சந்தைக்கு வெளியே வைக்க?

தேவகோட்டை கணக்கர்
ஓடு மாற்றுகிற பணத்தை இன்றைக்கே டெபாசிட்டில் போடுங்கள் அண்ணே. முதல் வருடத்தில் சந்தை பாதியானால் அந்த 6 லட்சத்துக்கு இரண்டு மடங்கு யூனிட் போய்விடும். அது போக மூன்று வருடச் செலவு இருந்தால் 2008 மாதிரிச் சரிவைக் கடக்கலாம்.

கானாடுகாத்தான் ஆச்சி
மூன்று பற்றாது தம்பி. 2010-ல் ஏறி 2011-ல் திரும்ப விழுந்ததை நீங்களே சொன்னீர்கள். ஐந்து வைக்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை கணக்கர்
ஐந்து வைத்தால் நிம்மதிதான் ஆச்சி. ஆனால் அவ்வளவு பணமும் விலைவாசிக்குப் பின்னால் போய்விடும், 80 வயதில் அது தெரியும். பென்ஷன் வருகிறதா, இல்லையா? அண்ணன் அதை முதலில் சொல்லட்டும்.