காப்பீட்டுக் கோரிக்கை நிலுவை: இந்த நினைவூட்டல் கடிதம் சரியா?

நண்பர்களே, அம்மாவின் அறுவை சிகிச்சைச் செலவுக்கான காப்பீட்டுக் கோரிக்கை இழுத்துக்கொண்டே போகிறது. தொலைபேசியில் கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான். ஆகவே எழுத்தில் கேட்கப் போகிறேன். கடிதத்தின் பொருள் வரியிலேயே கோரிக்கை எண்ணும் பாலிசி எண்ணும் இருக்கும். உள்ளே இப்படி:

"டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் ரசீதுகள், பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் அனுப்பிவிட்டேன். நீங்கள் தந்த ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். இன்னும் ஏதேனும் தேவையென்றால் ஒரே பட்டியலாகத் தெரிவியுங்கள். இல்லையெனில், எந்தத் தேதிக்குள் முடிவு தருவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள்."

ஆவணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொரு முறையும் காத்திருப்பு நீளும். அதனால்தான் 'ஒரே பட்டியல்'. கெடு தேதியை நானே குறிப்பிடலாமா? குறைதீர்ப்புப் பிரிவுக்கு இப்போதே நகல் அனுப்புவதா, பதில் வராவிட்டால் மட்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அம்மாவின் சேமிப்பு முழுவதும் இதில் முடங்கிக் கிடக்கிறது.