கலைச்சொல் தேவை: இணைப்பு கிடைத்ததும் இரண்டு பேரும் சேர்ந்து "அலோ" சொல்வது

புதுச்சேரி, முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
இணைய வகுப்பு ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு பத்தி நகர மாட்டேன் என்கிறது. அழைப்பு இணைந்ததும் இருவரும் "அலோ" என்கிறார்கள், இருவரும் நிறுத்துகிறார்கள், மறுபடி இருவரும் தொடங்குகிறார்கள். அந்தத் தாமதத்துக்கு ஒரு சொல், குரல் முட்டிக்கொள்வதற்கு ஒரு சொல் வேண்டும். யார் திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் கையேட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தாமதத்துக்குச் சுணக்கம் போதும் அம்மா. சங்கப்பாட்டில் சுணங்கு என்றால் தேமல், சுணங்குதல் தளர்தல். இரண்டுக்கும் உறவு உண்டா என்று முப்பது வருடமாக யோசிக்கிறேன், அது வேறு கதை. முட்டிக்கொள்வதற்கு 'விளிமோதல்'. கூப்பிடுவது விளி, எட்டாம் வேற்றுமை. அளவுக்கும் நம்மிடம் மாத்திரை இருக்கிறது. கண்ணிமைக்கும் நேரம், கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியர் சொல்லிவிட்டார்.

மஞ்சக்குப்பம், செல்போன் கடைக்காரர்:
இதுக்கெல்லாம் சொல் எதற்கு சார்? நெட் வேகம் போதவில்லை. பெரிய பிளானுக்கு மாறச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

லாஸ்பேட்டை, பள்ளி ஆசிரியை:
ஐயா, விளிதல் என்றால் சாதல் என்றும் பொருள் உண்டே. 'விளிமோதல்' என்று எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு வேறு தொல்லை. பாரீஸில் இருக்கும் அண்ணனோடு பேசும்போது என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது. அதற்கும் இதே சொல்லா?

திருப்பாதிரிப்புலியூர், பிணையப் பொறியாளர்:
அது எதிரொலி அக்கா, வேறு நோய். அண்ணன் வீட்டு ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரல் அவர் மைக்குக்குள் போகிறது. அவரை ஹெட்போன் போடச் சொல்லுங்கள்.

கடைக்காரர் சொல்வது பாதி சரி. லைன் நெரிசலாக இருந்தால் பெரிய பிளான் உதவும். ஆனால் வேகம் என்பது குழாயின் அகலம், தாமதம் அதன் நீளம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். பாரீஸ் நேர்கோட்டிலேயே 8,000 கி.மீ. அளவு, அதனால் ஒருவழிக்கு 40 மில்லிநொடிக்குக் கீழே எந்தப் பிளானும் இறக்காது. ஒலித்துண்டுகள் சீராக வராததால் கருவி கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் ஒலிக்கவிடும், ப்ளூடூத் தன் பங்குக்குக் கூட்டும். ஒருவழி 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு பெரும்பாலும் இயல்பாக இருக்கும்.

300 என்று வையுங்கள். நான் "அலோ" என்கிறேன், நீங்கள் 100 மில்லிநொடி கழித்து "அலோ" என்கிறீர்கள். என் குரல் உங்களை எட்ட இன்னும் 200 இருப்பதால், காலியான இடத்தில் பேசுவதாகவே நினைக்கிறீர்கள். பிறகு இருவர் காதிலும் மற்றவர் குரல் விழுகிறது, இருவரும் நிறுத்துகிறோம், ஏறக்குறைய ஒரே அளவு பொறுக்கிறோம், மறுபடி முட்டுகிறோம். இருவர் தொடங்கும் இடைவெளி ஒருவழித் தாமதத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை இது ஓயாது. மரியாதைக்காக இருவரும் சமமாகப் பொறுப்பதுதான் கேடு. ஒருவர் மட்டும் பொறுக்க வேண்டும்.

கடலூர் முதுநகர், படகுக்காரர் மகன்:
அப்பா வயர்லெஸ்ஸில் பேசி முடித்ததும் "ஓவர்" என்பார். அதற்குப் பிறகுதான் எதிராளி பேசுவார். அதையே இங்கும் வைத்தால் என்ன?

பொறியாளர்:
தம்பி, அங்கே ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது அவருக்கு எதுவும் கேட்காது, அதனால் "ஓவர்" தேவை. மேலும் அது முடிவைச் சொல்லும் சொல். நம் சிக்கல் தொடக்கத்தில். போனில் மணி அடித்தால் எடுத்தவர் முதலில் பேசுவார், இதை உரையாடல்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஷெக்லாஃப் 1968இலேயே எழுதினார். இணைப்புச் சுட்டியில் மணியும் இல்லை, எடுப்பவரும் இல்லை. ஆகவே ஏற்கெனவே அறையில் இருந்தவர் திரும்பச் சொல்லட்டும், பிந்தி வந்தவர் பொறுக்கட்டும்.

இன்னொன்று. "…லோ" என்று பாதி மட்டும் கேட்டால் அது மோதல் அல்ல. மைக் விழிக்கும் முன்பே பேசிவிட்டார் என்று பொருள். அப்போது சொன்னவரே திரும்பச் சொல்ல வேண்டும்.

தமிழாசிரியர்:
முன்னால் வந்து காத்திருப்பவர் பெரியவராக இருந்தால்? சிறியவர்தானே முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்? பிந்தி வந்த மாணவன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதா?

பள்ளி ஆசிரியை:
என் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே சமயம் "வணக்கம் டீச்சர்" என்கிறார்கள் ஐயா. பொத்தினால் நல்லது.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமாகிவிட்டது. 'சுணக்கம்', 'குரல்மோதல்' என்று போடுகிறேன். மூன்று பேர் சரி என்றார்கள், இருவர் பதிலே போடவில்லை. அறையில் முன்பே இருப்பவர் திரும்பச் சொல்வார் என்றும் எழுதிவிட்டேன்.

தமிழாசிரியர்:
மோதல் என்றால் தெருச்சண்டை நினைவு வருகிறது. அடுத்த பதிப்பிலாவது 'விளிமோதல்' வரட்டும்.

பள்ளி ஆசிரியை:
அதிலும் மோதல் இருக்கிறதே ஐயா.