திருமங்கலம் – மதுரை பைக் பயணத்துக்கு எந்த நிறக் கூலிங் கிளாஸ்?

அனைவருக்கும் வணக்கம். நான் தினமும் காலையில் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு பைக்கில் சென்று மாலையில் திரும்புவதால், இருவேளையும் வெயில் முகத்துக்கு நேராகவே அடிக்கிறது. இப்போது அணிவது மிரர் பூச்சுள்ள அடர் சாம்பல் கண்ணாடி. சாம்பல் கண்ணாடி நிறங்களைத் திரிக்காததால் சிக்னல் விளக்குகள் இயல்பாகத் தெரிகின்றன. ஆனால் புளியமர நிழலுக்குள் நுழைந்ததும் பள்ளமும் நிழலும் ஒன்றாகிவிடுகின்றன. சட்டை நுனியால் புழுதியைத் துடைத்ததில் பூச்சில் மயிரிழைக் கீறல்கள் விழுந்து, மாலை வெயிலில் மின்னுகின்றன.

பழுப்புக் கண்ணாடி நீல ஒளியைக் கூடுதலாகத் தடுப்பதால் மேடுபள்ளம் எடுப்பாகத் தெரிவதை, நண்பரின் கண்ணாடியை அணிந்து பார்த்தபோது உணர்ந்தேன். கடைக்காரர் மேலே அடர்த்தியாகவும் கீழே வெளிறியும் இருக்கும் கிரேடியன்ட் பழுப்பைப் பரிந்துரைக்கிறார். ஸ்பீடோமீட்டர் தெளிவாகத் தெரியும் என்பது உண்மைதான். எனினும் தார்ச்சாலையிலிருந்து எழும் கூச்சம் அந்த வெளிறிய பகுதி வழியாகவே கண்ணில் படுமே என்று தயங்குகிறேன்.

ஆகவே 8 முதல் 18 சதவீத ஒளியை விடும் மூன்றாம் வகையிலேயே முழுப் பழுப்பை வாங்குவதா, 18 முதல் 43 சதவீதம் விடும் இரண்டாம் வகையே போதுமா? சாம்பலுக்கும் பழுப்புக்கும் இடைப்பட்டதாகச் சொல்லப்படும் பச்சையை நெடுஞ்சாலையில் பயன்படுத்தியவர்கள், நிழலில் பள்ளம் எப்படித் தெரிந்தது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.