கலைச்சொல்: சீக்வென்சிங் என்பது வரிசைப்படுத்துதலா?

செல்வி, கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் வணக்கம். மாங்கூழ் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ஜீன் சீக்வென்சிங்' என்ற இடத்தில் 'மரபணு வரிசைப்படுத்துதல்' என்று போட்டேன். படித்த பெண் ஒருத்தி, "அக்கா, எதை எதன்படி வரிசைப்படுத்துறோம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், சொல் எங்கே உட்காரப் போகிறது என்று தெரிய வேண்டுமே. பெங்களூரா மாங்கூழ், சூடேற்றி அடைத்த டிரம். திறந்தால் ஆஸ்பத்திரி வார்டு கழுவின நாற்றம். பை உப்பவில்லை, கூழ் நுரைக்கவும் இல்லை. வழக்கமான அகாரில் ஒன்றும் வரவில்லை. பிஹெச் 4-க்குப் புளிப்பாக்கிய அகாரில் 45 டிகிரியில் வைத்தபோது மூன்றாம் நாள் வெண்ணெய் நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. நுண்ணோக்கியில் கோல் வடிவம், உள்ளே வித்து. இதன் பெயரைத் தெரிந்துகொள்ளத்தான், பாக்டீரியா எல்லாவற்றிலும் இருக்கும் 16எஸ் மரபணுவை சீக்வென்சிங் செய்ய அனுப்பினோம். இந்தச் செயலைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முனிராஜ், பாலக்கோடு

அக்கா, நம்ம பக்கம் மண்டியில் மாங்காயைப் பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று பிரிப்பதுதானே வரிசைப்படுத்துறது? அதற்கு 'தரம் பிரித்தல்' என்று சொல் இருக்கிறதே. அதையே போடுங்கள்.

கோவிந்தன், தர்மபுரி

முனிராஜ் தம்பி கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டார். ஆனால் அவர் தவறிலேயே விடை இருக்கிறது. பாடநூல்காரர்கள் 'வரிசைப்படுத்துதல்' என்று எழுதியதைப் படித்த எவருக்கும் அவருக்குத் தோன்றியதுதான் தோன்றும். 'படுத்து' என்பது பிறவினை ஆக்குகிற துணை. ஒழுங்கில்லாததை ஒழுங்குபடுத்துகிறோம், கலைந்ததை வரிசைப்படுத்துகிறோம். மரபணுவில் எழுத்துகள் ஏற்கெனவே வரிசையாகத்தான் நிற்கின்றன. நாம் அதை அறிகிறோம், அவ்வளவுதான். எனவே 'வரிசையறிதல்'.

கவனியுங்கள், 'வகைப்படுத்துதல்' மட்டும் சரி. இது இந்தப் பேரினம், இது அந்தப் பேரினம் என்று பிரிப்பது மனிதன் செய்கிற வேலை. ஆக ஒரே கட்டுரையில் 'வரிசையறிந்து வகைப்படுத்துதல்' என்று எழுதினால் இயற்கையின் பங்கு எது, நம் பங்கு எது என்று வினையே சொல்லிவிடும்.

'16எஸ்'-ஐயும் தமிழாக்கிவிடலாம். எஸ் என்றால் சிறியது. ரைபோசோமின் சிறு கூறில் இருப்பது. '16 சிறுகூறு ஆர்என்ஏ' என்று வைத்துக்கொள்ளலாமே?

ஷாஹிதா, ஓசூர்

கோவிந்தன் ஐயா, 'படுத்து' பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. இத்தனை வருடம் பாடம் எடுத்தும் எனக்கு உறைக்கவில்லை. ஆனால் எஸ் சிறியது இல்லை. ஸ்வெட்பெரி என்ற ஸ்வீடன் நாட்டு வேதியியலாளரின் பெயரிலுள்ள அலகு அது. 1926-இல் நோபல் வாங்கியவர். அதிவேகமாகச் சுழற்றும்போது ஒரு துகள் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்பதைக் குறிக்கும். எடையும் வடிவமும் சேர்ந்து தீர்மானிக்கிற வேகம் என்பதால் கூட்டினால் கணக்கு வராது: பாக்டீரிய ரைபோசோமின் சிறு கூறு 30எஸ், பெரிய கூறு 50எஸ், இரண்டும் சேர்ந்தால் 70எஸ்தான். 16எஸ் ஆர்என்ஏ இருப்பது சிறு கூறில் என்பது மட்டும் தற்செயலாகப் பொருந்திவிட்டது. அதை 16எஸ் என்றே விடுங்கள். மீட்டர், கிராமை நாம் மாற்றவில்லையே.

செல்வி, ரிப்போர்ட்டில் என்ன வந்தது? பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கிராஃப் கோப்பு இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

செல்வி

> பெயரை மட்டும் சொல்லாதீர்கள்

மேடம், முதல் தடவை வந்த ரிப்போர்ட்டைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 'பேசில்லஸ், 99%' என்று ஒரு வரி. கோப்பைத் திறந்து பார்த்தேன். ஓட்டம் தொடங்குகிற சிறு டிஎன்ஏ துண்டுக்குப் பிரைமர் என்று பெயர், இது 27F பிரைமரிலிருந்து ஓடியது. முதல் ஐம்பது எழுத்து கலங்கல். அப்புறம் கொஞ்ச தூரம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே முகடு. அதன் பிறகு கடைசி வரை எங்கு பார்த்தாலும் பச்சைக்குள் சிவப்பு, நீலத்துக்குள் கருப்பு. மென்பொருள் உயரமான முகட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு வரிசையை எழுதிவிட்டது.

பிரபு, காவேரிப்பட்டினம்

99% வந்துவிட்டதே, அப்புறம் என்ன? 97-க்கு மேல் போனால் அதே இனம். கல்லூரியில் அப்படித்தான் படித்தோம். சொல்லைப் பற்றி என் கருத்து: 'வரிசை வாசிப்பு' என்று வைக்கலாம். எழுத்து என்று சொல்கிறோம், எழுத்து இருந்தால் வாசிக்கத்தானே வேண்டும்? 'அறிதல்' ரொம்பத் தத்துவமாக இருக்கிறது.

ஷாஹிதா

பிரபு தம்பி, எத்தனை எழுத்துக்கு 99 என்று பார்த்தீர்களா? வரிசைகளை ஒப்பிட்டுக் காட்டும் பிளாஸ்ட் இணையப் பக்கத்தில் `Per. ident` என்ற பத்திக்குச் சற்று முன்னால் `Query cover` என்று ஒன்று இருக்கும். நீங்கள் கொடுத்ததில் எவ்வளவு நீளம் பொருந்தியது என்பதை அது சொல்லும். அங்கே 40 என்று இருந்தால், பொருந்திய துண்டுக்குள் மட்டும் 99. மிச்சம் எதனோடும் ஒட்டவில்லை என்று பொருள். செல்வியின் முதல் கோப்பில் அதுதான் நடந்திருக்கும்.

முகடுகள் இரட்டையாவதில் இரண்டு விதம் உண்டு. செல்வி சொன்னது முதல் விதம். பிரைமருக்குப் பக்கத்தில் உள்ள பகுதி எல்லா பாக்டீரியாவிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், அதனால் குழாயில் இரண்டு பேர் இருந்தாலும் ஒருவர் மாதிரியே தெரியும். முதல் மாறும் பகுதி வந்ததும் ஒருவருக்கு நாலு எழுத்து கூட, ஒருவருக்குக் குறைவு. அங்கிருந்து இரண்டு வரிசையும் தடம் புரண்டு கடைசி வரை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அது கலப்படம். மறுபடி ஒற்றைக் கூட்டமாகக் கீறி வளர்க்காமல் வேறு வழி இல்லை. எந்த அகாரில் வளர்த்து அனுப்பினீர்கள்?

செல்வி

மாட்டிக்கொண்டேன் மேடம். புளிப்பு அகார் தீர்ந்துபோய், பையன் சாதாரண அகார் சாய்வில் கீறி அனுப்பியிருக்கிறான். நம் ஆள் அதில் வளரவே மாட்டானே. கூடவே போன எதோ ஒன்று வளர்ந்திருக்கிறது, நம் ஆளின் வித்துகளும் சும்மா ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன.

இரண்டாவது தடவை புளிப்பு அகாரிலேயே மூன்று முறை கீறி, ஒற்றைக் கூட்டத்தை எடுத்து அனுப்பினேன். இரண்டு பக்கமிருந்தும் ஓட்டச் சொன்னேன். 27F பக்கம் சுத்தமாக 812 எழுத்து, 1492R பக்கம் 795. பின்னதைத் திருப்பி, ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று இணையெழுத்தாக மாற்றி முன்னதோடு ஒட்டினால் நடுவே 195 எழுத்து இரண்டிலும் ஒத்துப்போனது. மொத்தம் 1,412. அலிசைக்ளோபேசில்லஸ் அசிடோடெரெஸ்ட்ரிஸ் இனத்தின் மூல வகையோடு ஒப்பிட்டால் எட்டு எழுத்து வேறு, அதாவது 99.43%. இந்த முறை நீளம் முழுதும் பொருந்துகிறது.

ஒரே ஒரு குறை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் சி-யும் டி-யும் சம உயரத்தில் நிற்கின்றன. இரண்டு வாசிப்பிலும் அதே இடத்தில்! மறுபடி கலப்படமா?

பிரபு, இதை எழுதும்போதுதான் கவனித்தேன். 'இரண்டு வாசிப்பு' என்று நானே எழுதியிருக்கிறேன். ஒரு பிரைமரிலிருந்து வரும் ஒரு ஓட்டத்தை 'ரீட்' என்கிறோம். அதற்கு வாசிப்பு என்ற சொல் தேவைப்படுகிறது. முழு வேலைக்கும் அதையே வைத்தால் 'வரிசை வாசிப்புக்கு இரண்டு வாசிப்பு' என்று எழுத வேண்டி வரும்.

ஷாஹிதா

இது இரண்டாவது விதம். கலப்படமாக இருந்தால் ஓரிடத்தோடு நிற்காது. பாக்டீரியாக்களில் இந்த மரபணு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக இருப்பது வழக்கம், ஈ. கோலையில் 7, பேசில்லஸ் சப்டிலிஸில் 10. எல்லாப் பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெருக்கும்போது எல்லாம் சேர்ந்தே பெருகும், வேறுபடும் இடத்தில் இரண்டு முகடு நிற்கும். புதிதாக ஒரு கூட்டத்தை எடுத்து மறுபடி ஓட்டுங்கள். அதே இடத்தில் அதே இரண்டு எழுத்து வந்தால் சந்தேகம் வேண்டாம். வரிசையில் அந்த இடத்தில், சி அல்லது டி என்று பொருள்படும் `Y` என்று போட்டுவிடுங்கள்.

பிரபு சொன்ன 97-க்கு வருகிறேன். 1994-இல் முன்வைத்த எல்லை அது. 2014-இல் ஏராளமான மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு 98.65-க்கு உயர்த்தினார்கள். அதைவிட முக்கியமான விஷயம், அது ஒருபக்கக் கதவு. அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் வேறு இனம் என்று சொல்லலாம், மேலே இருந்தால் அதே இனம் என்று சொல்ல முடியாது. பேசில்லஸ் சீரியஸும் ஆந்த்ராசிஸும் 16எஸ்-இல் கிட்டத்தட்ட அச்சு அசல். ஒன்று பழைய சோற்றில் வயிற்றைக் கலக்கும், இன்னொன்று ஆந்த்ராக்ஸ். ஆக 99.43-ஐ வைத்து, 'இந்தப் பேரினம், பெரும்பாலும் இந்த இனம்' என்று எழுதுங்கள். உறுதியாக வேண்டுமென்றால் முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட வேண்டும், அங்கே எல்லை 95, 96 சதவீதம்.

உங்கள் ஆளின் பெயரே இந்த முறையால் வந்ததுதான். 1987-இல் பேசில்லஸ் என்று பெயர் வைத்தார்கள், கோல் வடிவம், வித்து, காற்று வேண்டும், எல்லாம் பொருந்தியது. 1992-இல் 16எஸ் வரிசையைப் பார்த்தபோது பேசில்லஸிலிருந்து வெகுதூரம் விலகி நின்றது. தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். கோவிந்தன் ஐயா சொன்ன மாதிரி, வரிசை மாறவில்லை, வகை மாறியது.

முனிராஜ்

அக்கா, மேடம், நடுவில் என் கதை. தக்காளி தோட்டத்தில் இலை பச்சையாகவே இருக்க, செடி ஒரே நாளில் துவள்கிறது. அழுகின தண்டிலிருந்து பாக்டீரியா எடுத்து இதே மாதிரி அனுப்பினால் என்ன நோய் என்று தெரியுமா?

ஷாஹிதா

அனுப்பாதீர்கள் முனிராஜ், காசு வீண். அழுகின தண்டில் பின்னால் வந்து குடியேறியவர்கள்தான் அதிகம். அவர்களில் ஒருவரின் பெயர் கிடைக்கும், குற்றவாளி அவர்தான் என்று 16எஸ் சொல்லாது. புதிதாகத் துவண்ட செடியின் அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் படும்படி தொங்கவிட்டு, சில நிமிடம் ஆடாமல் பாருங்கள். பால் மாதிரி நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல்.

கோவிந்தன்

செல்வி அம்மா வாசிப்பை 'ரீட்'டுக்கு ஒதுக்கியதை ஏற்கிறேன். ஆனால் 'வரிசையறிதல்' வினையாக ஓடுமா என்று எனக்கே இப்போது ஐயம். 'வரிசையறியப்பட்ட மரபணு' நாக்கில் சிக்குகிறது. 'வரிசை கண்ட மரபணு', 'வரிசை காணல்' எப்படி?

பிரபு

'வரிசை காணல்' ரேஷன் கடை முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது ஐயா.

செல்வி

கையேட்டில் இப்போதைக்கு 'வரிசையறிதல்' என்று போட்டு, கேள்வி கேட்ட பெண்ணிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போனாள். ஆனால் இரண்டு வரி தள்ளி 'ஐசோலேட்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். 'தனித்தெடுத்த பாக்டீரியா' என்று எழுதியிருந்தேன். "மூணு தடவை கீறின பிறகுதானே அது தனி, முதல் தட்டில் எடுத்ததையும் அப்படியே சொல்லலாமா?" என்கிறாள். முதல் ரிப்போர்ட்டை அவளுக்குக் காட்டியது நான்தான். இதற்குத் தனி இழை தொடங்கட்டுமா?

முனிராஜ்

மேடம், டம்ளரில் நூல் இறங்குது.