200 மைல், 200 மைல் என்று எத்தனை தடவை சொல்வீர்கள்?

பார்வதிபுரம்காரன் எழுதியது: "1999-ல் கொள்ளைக்காரர்கள் கடத்திய அலோந்திரா ரெயின்போ கப்பலை நம்ம கோஸ்ட் கார்டு கேரளக் கரைக்கு அப்பால் நம்ம 200 மைலுக்குள் பார்த்தது, துரத்தியது, பிடித்தது. ஹாட் பர்சூட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. நம்ம கடலில் பார்த்தோம், அதனால்தான் துரத்த உரிமை வந்தது."

முட்டம் மாலுமி:
இதைப் படித்ததும் சாயா புரையேறிவிட்டது. ஹாட் பர்சூட் என்றால் நம் கடலில் நம் சட்டத்தை ஒருவன் மீறியிருக்க வேண்டும், அதற்காகத்தான் எல்லைக்கு வெளியேயும் விடாமல் துரத்துகிறோம். இந்தக் கப்பல் நம் 200 மைலில் என்ன செய்தது? மீன் பிடித்ததா? எண்ணெய்க் கிணறு தோண்டியதா? சும்மா கடந்து போனது. குற்றம் நடந்தது இந்தோனேசியா பக்கம். கப்பல் 1999 அக்டோபரில் சுமத்ராவின் கோலா தஞ்சுங்கில் 7,000 டன் அலுமினியக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குக் கிளம்பியது. வழியில் மறித்து, மாலுமிகள் 17 பேரையும் ஒரு ரப்பர் தெப்பத்தில் இறக்கிவிட்டார்கள், பல நாள் கழித்து ஒரு தாய்லாந்து மீன்பிடிப் படகுதான் அவர்களைத் தூக்கியது. இதில் நம் 200 மைல் எங்கே வருகிறது?

பார்வதிபுரம்காரன்:
அண்ணாச்சி, 200 மைல் நம்ம கடலா இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள். நம்ம கடல் என்றால் துரத்தலாம். முடிந்தது.

முட்டம் மாலுமி:
அப்படி முடிகிற கேள்வி இல்லை தம்பி. கரையிலிருந்து 12 மைல் வரைதான் நம் வீடு. 200 மைல் வரை பொருளாதார மண்டலம், அங்கே மீன் நமது, அடியில் கிடக்கிற எண்ணெய் நமது, அவற்றைத் தொட்டவனைத் துரத்தலாம். போகிறவன் வருகிறவனை எல்லாம் துரத்த அது அனுமதி கொடுக்காது. சரியான உதாரணம் வேண்டுமா, 2003-ல் உருகுவே கொடியோடு வியார்சா என்ற படகு ஆஸ்திரேலியாவின் ஹேர்ட் தீவுக் கடலில் டூத்ஃபிஷ் பிடித்ததாகச் சந்தேகப்பட்டு, ஆஸ்திரேலியப் படகு ஒன்று 21 நாள், 3,900 மைல், பனிக்கட்டிக்கு நடுவில் விடாமல் பின்னாலேயே போய் தெற்கு அட்லாண்டிக்கில் பிடித்தது. குற்றம் அவர்கள் மண்டலத்தில், மீன் அவர்களுடையது, நடுவில் ஒரு நாள்கூட விடவில்லை. அதுதான் ஹாட் பர்சூட். அப்படிப் பிடித்தும் கடைசியில் ஜூரி அவர்களை விட்டுவிட்டது, அது வேறு கதை.

தூத்தூர் அலை:
எல்லோரும் இருக்கீங்க, ஒரு விசயம் கேக்கணும். எங்க மச்சானோட போட்டைப் போன சீசனில் தூரத்துத் தீவு ஒன்றின் ரோந்துப் படகு பிடிச்சு வச்சிருக்கு. மீனும் போச்சு, வலையும் போச்சு. நாங்க அவங்க எல்லையை விட்டு வெளிய வந்த பிறகுதான் பிடிச்சாங்க. இதுக்கு கேஸ் போட முடியுமா? கப்பலைக் கடத்தினவனுக்கு இவ்வளவு பேச்சு, எங்களுக்கு யாரும் பேச மாட்டீங்க.

பார்வதிபுரம்காரன்:
இதோ பாருங்கள், வெளியே வந்த பிறகும் பிடித்தார்கள். நான் சொன்னது சரிதானே.

முட்டம் மாலுமி:
அலை, உன் மச்சான் கதையில்தான் உண்மையான ஹாட் பர்சூட் கேள்வி இருக்கிறது, இந்தத் தம்பி சொல்லும் கதையில் இல்லை. மூன்று விஷயம் கேள். ரோந்துப் படகு உங்களை நிற்கச் சொன்னபோது நீங்கள் அவர்கள் மண்டலத்துக்குள் இருந்தீர்களா? அந்த சைரனோ, விளக்கோ உங்கள் கண்ணுக்கோ காதுக்கோ எட்டுகிற தூரத்தில் வந்ததா? அப்புறம், நடுவில் ஒரு கட்டத்திலாவது அவர்கள் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களா? ஜிபிஎஸ் பெட்டியில் ட்ராக் இருந்தால் அழிக்க விடாதே, படகு திரும்பிக் கிடைத்ததும் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

1997-ல் சைகா என்று ஒரு டேங்கர், மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் விற்றுக்கொண்டிருந்தது. கினியா நாட்டு ரோந்துப் படகு அதைப் பிடித்தது. கப்பல் செயின்ட் வின்சென்ட் நாட்டில் பதிவானது, அந்த நாடு ஹாம்பர்க் கடல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1999-ல் தீர்ப்பு. துரத்தல் நடுவில் விட்டுப்போயிருந்தது, கேட்கும் தூரத்தில் சிக்னல் கொடுக்கப்படவில்லை, அதனால் பிடித்ததே தப்பு என்று 21 லட்சம் டாலருக்கு மேல் கினியா கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் கவனி, வழக்குப் போட்டது அந்தக் கப்பலின் கொடி நாடு. உன் மச்சானுக்காக அப்படிக் கேட்க வேண்டியது இந்திய அரசு.

தூத்தூர் அலை:
அரசு கேக்காது அண்ணே. அதுதான் பிரச்சினை. சைரன் எல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை, ராத்திரி, பெரிய லைட்டு மட்டும்தான் அடிச்சாங்க. நெட்டை இழுத்துக்கிட்டு இருந்தோம்.

தக்கலை வக்கீல்:
மாலுமி ஐயா நன்றாக எழுதுகிறார், ஆனால் நீதிமன்றப் படியேறியவர் மாதிரி ஒரு தொனி, அதுதான் இடிக்கிறது. அலோந்திரா ரெயின்போ பிடிபட்டபோது பெலிஸ் கொடி பறக்கவிட்டிருந்தது. பெயரையும் மெகா ராமா என்று மாற்றி எழுதியிருந்தார்கள். வேறு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலை இந்தியா எப்படித் தொட்டது? கொடி நாட்டுக்குத்தான் அதிகாரம் என்பது அரிச்சுவடி. இதற்குப் பதில் சொல்லாமல் 200 மைல், 21 நாள் என்று சுற்றுகிறீர்கள்.

முட்டம் மாலுமி:
வக்கீல் சார், பெலிஸ் பதிவகத்தில் கேட்டார்கள், அப்படி ஒரு கப்பலே எங்களிடம் பதிவாகவில்லை என்றது. ஆனால் அது நிஜமாகவே பெலிஸ் கப்பலாக இருந்திருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் நீங்கள் விட்ட இடம். கடற்கொள்ளை என்று சந்தேகம் வந்தால் எந்தப் போர்க்கப்பலும் எந்தக் கொடிக் கப்பலிலும் ஏறிப் பார்க்கலாம், கொள்ளைக்காரன் கையில் இருந்தால் எந்த நாடும் பிடிக்கலாம். கொடிக் கவசம் அங்கே வேலை செய்யாது. அந்த விதி நம் 200 மைலுக்குள்ளும் செல்லும், வெளியேயும் செல்லும். நம் கோஸ்ட் கார்டு கப்பல் தாராபாய் நிற்கச் சொல்லி எச்சரிக்கையாகச் சுட்டபோதும், கடைசியில் கடற்படையின் பிரஹார் சேர்ந்து பிடித்தபோதும் கைக்கொண்ட உரிமை அதுதான். வேறு நாட்டின் 12 மைலுக்குள் இல்லாதவரை, கொள்ளையனைப் பிடிக்க எங்கே பார்த்தோம் என்பது கணக்கே இல்லை. நடுவில் ஒரு நாள் கண்ணிலிருந்து தப்பியிருந்தாலும் மறுநாள் பிடித்திருக்கலாம். ஹாட் பர்சூட்டில் அது நடக்காது.

பார்வதிபுரம்காரன்:
பார்த்தது 200 மைலுக்குள்தான். முதலில் விமானம் பார்த்தது, அப்புறம் கப்பல். பார்த்தால் துரத்தல் தொடங்கிவிட்டது.

முட்டம் மாலுமி:
லே மக்கா, விமானம் பார்த்தது மட்டும் எண்ணிக்கையில் வராது. ஹாட் பர்சூட் என்று வைத்துக்கொண்டாலும் விமானமே நிற்கச் சொல்லி, தானும் விடாமல் பின்னால் போய், கப்பல் வந்து கையில் வாங்கும் வரை கூட இருக்க வேண்டும். மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஃபோன் போடுவது துரத்தல் ஆகாது. நான் சொல்வதெல்லாம், உன் 200 மைல் இதில் ஒன்றும் செய்யவில்லை.

பார்வதிபுரம்காரன்:
200 மைலுக்குள் இல்லாவிட்டால் நம்ம கோஸ்ட் கார்டு அங்கே எதற்குப் போனது? அதைச் சொல்லுங்கள்.

தக்கலை வக்கீல்:
சரி, அந்த உரிமை இருந்தது. வழக்கு என்ன ஆச்சு? மும்பை செஷன்ஸ் கோர்ட் 2003-ல் தண்டனை கொடுத்தது, 2005-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கடற்கொள்ளைக்கு என்று நம் நாட்டில் தனிச் சட்டமே அப்போது இல்லை. பிடிக்கத் தெரிந்தது, தண்டிக்கத் தெரியவில்லை. 2022-ல்தான் சட்டம் வந்தது, 2024-ல் ரூயன் கப்பலில் பிடித்த 35 சோமாலியர்களை மும்பைக்குக் கொண்டு வந்தபோதுதான் அதற்கு வேலை வந்தது. மாலுமி ஐயா பெரிதாகப் பேசும் சர்வதேச விதி பிடிப்பதோடு நின்றுபோகும், தண்டனை உள்நாட்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது.

முட்டம் மாலுமி:
நான் எங்கே மறுத்தேன்? பிடிக்கும் உரிமை பற்றிப் பேச்சு, நீங்கள் தண்டனைக்கு ஓடுகிறீர்கள். கேள்வியை மாற்றுவது உங்கள் தொழிலில் பழக்கம், இங்கே வேண்டாம்.

தக்கலை வக்கீல்:
தொழிலைத் தொட வேண்டாம். கப்பலில் டெக் கழுவியவர்களுக்கு விதி தெரியும் என்றால் எங்களுக்கு எதற்கு படிப்பு.

முட்டம் மாலுமி:
டெக் கழுவினேன், வாட்ச்சும் நின்றேன். நடுராத்திரி ரேடாரில் பெயரில்லாத புள்ளி ஒன்று பக்கவாட்டில் நெருங்கி வரும்போது, அது மீன்காரனா கொள்ளைக்காரனா என்று முடிவெடுக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே தவறுதான் 2012 பிப்ரவரியில் நடந்தது. எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலிய மரைன்கள் மீன்பிடிப் படகைக் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டார்கள், இரண்டு பேர் செத்தார்கள், ஒருவர் நம் மாவட்டத்துக்காரர்.

பார்வதிபுரம்காரன்:
அதுவும் ஹாட் பர்சூட்தான். கேரளா துரத்திப் பிடித்தது. கரையிலிருந்து 20 மைல் சொச்சம், 200 மைலுக்குள்.

முட்டம் மாலுமி:
துரத்தவே இல்லை! கொச்சிக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள், கப்பல் தானாகத் திரும்பி வந்தது. அப்புறம் கேரளாவுக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்குத்தான் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-ல் வெளியான நடுவர் தீர்ப்பு மரைன்களை இந்தியா விசாரிக்க முடியாது, அவர்கள் அரசு வேலையில் இருந்தவர்கள் என்றது, ஆனால் இத்தாலி நம் படகின் கடல் பயணத்தை மறித்தது தப்பு, இழப்பீடு கொடு என்றது. 10 கோடி ரூபாய் வந்த பிறகு 2021-ல் வழக்கை முடித்தார்கள்.

தூத்தூர் அலை:
கோடியை விடுங்க அண்ணே. அந்தப் படகில் இந்தியக் கொடி பறக்கவில்லை, கப்பல் சட்டத்தில் பதிவு இல்லைன்னு அன்னைக்குப் பேசினாங்க, ஞாபகம் இருக்கா? மீன் பிடிக்கிறவன் கொடியைத் தேடிக் கட்டிட்டா போவான்? எங்களைச் சுட்டா கொடி கேக்கறாங்க. நாங்க எல்லை தாண்டினா மட்டும் நீ இந்தியன்னு நல்லா தெரியுது.

தக்கலை வக்கீல்:
அதனால்தான் படகுக்குப் பதிவும் கொடியும் முக்கியம் என்கிறேன். மீன்வளத் துறைப் பதிவு வேறு, கப்பல் பதிவு வேறு.

தூத்தூர் அலை:
முக்கியம்னு சொல்றது சுலபம் சார். என் மச்சான் போட்டுக்கு ஒரு வழி சொல்லுங்க முதல்ல.

முட்டம் மாலுமி:
அலை, அந்த லைட் அடித்தபோது நீங்கள் எல்லைக்குள்ளா வெளியேயா, அதை முதலில் கண்டுபிடி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வெளியே என்றால் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. உள்ளே என்றால், நடுவில் விடாமல் துரத்தி வந்திருந்தால் வெளியே வந்து பிடித்தாலும் சரியானதே.

தூத்தூர் அலை:
ராத்திரி கடலில் கோடு போட்டா வச்சிருக்காங்க? ஸ்ராங்குதான் ப்ளாட்டர் பாத்துக்கிட்டு இருந்தான். அவன்கிட்ட கேக்கணும், அவன் இப்போ வேற போட்டில் போய்ட்டான்.

பார்வதிபுரம்காரன்:
எல்லைக்குள், வெளியே என்று நீங்களே கேட்கிறீர்கள் அண்ணாச்சி. அப்போ எங்கே பார்த்தோம் என்பது கணக்குதானே? 200 மைல் கணக்கில் வரும்தானே?

முட்டம் மாலுமி:
மீனுக்கு வரும். கொள்ளைக்கு வராது. இதை எத்தனையாவது தடவை எழுதுகிறேன் என்று மேலே போய் நீயே எண்ணிக்கொள்.

பார்வதிபுரம்காரன்:
எண்ணிவிட்டேன். 200 மைலுக்குள்தான் பார்த்தார்கள்.