மண்டபத்தில் மைக் விசிலடித்த அனுபவங்கள்

திங்கள்சந்தை, மண்டபப் பொறுப்பாளர்

போன மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் வீட்டுப் பெரியவர் வரவேற்புரைக்கு வந்து நின்றார். "வந்திருக்கும் சொந்தபந்தங்கள்" என்று தொடங்குவதற்குள் காதைக் கிழிக்கும் விசில். மைக் செட்டுக்காரர் வால்யூமைக் குறைத்தார். விசில் நின்றது, பேச்சும் காணாமல் போனது. பின்வரிசைக்காரர்கள் கேட்கவில்லை என்று கை காட்டினார்கள். அவர் ஏற்ற, மறுபடியும் விசில். பந்தி தொடங்கும் வரைக்கும் இதே கதைதான்.

மண்டபம் சுமார் 300 பேர் அமரும் அளவு. தரை டைல்ஸ், கூரை கான்கிரீட், சுவரில் ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. மேடையின் பின்சுவரில் இரண்டு பக்கமும் தூண் போல நீண்ட காலம் ஸ்பீக்கர்களைப் பொருத்தியிருக்கிறோம். மைக் ஸ்டாண்ட் மேடையின் முன்விளிம்பில் நிற்கும். புது மைக் வாங்கச் சொல்கிறார்கள். சங்கத்தில் பணம் கேட்பதற்கு முன்னால் இப்படி அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நல்லது.

நாகர்கோவில், எலக்ட்ரானிக்ஸ் கடை

மைக் தரத்தில்தான் கோளாறு இருக்கும். சூப்பர் கார்டியாய்டு மைக் ஒன்று வாங்குங்கள். பக்கவாட்டுச் சத்தத்தை அது குறைவாகவே எடுக்கும். இன்னொன்று, மைக் சத்தத்தை முதலில் பெருக்கும் கெயின் குமிழைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் குமிழை ஏற்றுங்கள். கெயின் அதிகமானால்தான் விசில் வரும். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவிலும் இதே தொல்லை. "ஙொய்" என்று ஒரே சீராக இரைந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டர் லைனிலிருந்து மாற்றி, எர்த் வயரைச் சரிசெய்ததும் நின்றுவிட்டது. உங்கள் எர்த்தையும் பாருங்கள்.

மார்த்தாண்டம், மைக் செட் தொழில்

ஐயா, நீங்கள் சொல்வது கரண்ட் இரைச்சல். மைக்கை மூடினாலும் அது பெரும்பாலும் போகாது. இங்கே வால்யூமைக் குறைத்ததும் விசில் நின்றிருக்கிறது. இது வேறு வியாதி.

திங்கள்சந்தை அண்ணன் எழுதியதில் பின்சுவர் ஸ்பீக்கர் என்ற இடத்திலேயே விடை கிடைத்துவிட்டது. பேசுகிறவர் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார். மைக்கின் வாய் அவரைப் பார்க்கிறது. அதாவது, பின்சுவரைப் பார்க்கிறது. அவர் குரலை வாங்குகிற அதே வாய் ஸ்பீக்கர் சத்தத்தையும் நேருக்கு நேர் வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது. அது பெருகி ஸ்பீக்கரில் வந்து மறுபடி மைக்கில் விழுகிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும் சத்தம், ஏதோ ஒரு சுருதியில், போனதைவிடக் குறையாமல் வந்துவிட்டால் அந்தச் சுருதியிலேயே விசில் பிறக்கும். எந்த விலை மைக்கை அங்கே வைத்தாலும் சீக்கிரமே கத்தும்.

கருங்கல் பக்கம் ஒரு மண்டபத்தில் இதே அமைப்பைச் சரிசெய்தேன். காலம் ஸ்பீக்கர் இரண்டையும் சுவரிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் ஏற்றி, மேடைக்குக் கீழே இரு மூலைகளிலும், மைக்குக்கு ஒரு மீட்டர் முன்னால் நிறுத்தினேன். முகம் கூட்டத்தின் பின்வரிசையைப் பார்க்கும்படி வைத்தேன். இப்போது மைக்கின் முதுகுதான் ஸ்பீக்கர் பக்கம் இருக்கிறது; சாதாரண கார்டியாய்டு மைக் மிகக் குறைவாகக் கேட்பது முதுகுப்புறத்தில்தான்.

அடுத்தது வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். அங்கே பேசியவர் இரண்டடி தள்ளி நின்றார். அரையடிக்கு, ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவான தூரத்துக்கு, வரச் சொன்னேன். தூரம் பாதியாகும்போதெல்லாம் மைக்குக்குக் கிடைக்கும் குரல் 6 டெசிபல் கூடும். இரண்டடி அரையடியானால் இரண்டு முறை பாதி, 12 டெசிபல். அந்த அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைக் குறைத்துவிடலாம், பின்வரிசைக்கு அதே சத்தம் போகும். இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் பெரியவர்களை மைக் அருகே வரவைப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை. கடித்துவிடும் என்பது போல விலகி நிற்பார்கள்.

கடைக்காரத் தம்பி கெயினைக் குறைத்து மாஸ்டரை ஏற்றச் சொன்னது பாதிதான் சரி. கெயின் குமிழ், சானல், மாஸ்டர் எல்லாம் ஒரே பாதையில் இருப்பவை. ஒன்றில் 6 டெசிபல் குறைத்து இன்னொன்றில் 6 ஏற்றினால் சுற்றின் மொத்தப் பெருக்கம் மாறாது. விசில் அதே இடத்தில் வரும். கெயின் அளவுக்கு மீறி, சிவப்பு விளக்கு எரிந்து, குரல் கரகரத்தால் குறைக்கத்தான் வேண்டும். அது கரகரப்புக்கு மருந்து, விசிலுக்கு அல்ல.

நான் செய்வது இதுதான். ஒருவரை நிஜமாக நிற்கும் இடத்தில் நிறுத்திப் பேச வைப்பேன். உரக்கப் பேசும்போது சிவப்பு விளக்கு எரியாத அளவில் கெயினை நிறுத்துவேன். மற்ற மைக் குமிழ்களையெல்லாம் மூடிவிடுவேன்; திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் விசிலுக்கு முன் கிடைக்கும் இடைவெளி சுமார் 3 டெசிபல் குறைந்துபோகும். பிறகு மாஸ்டரை மெல்ல ஏற்றுவேன். வார்த்தை முடிந்த பின்னும் ஒரு மெல்லிய ரீங்காரம் இழுத்தால் அதுதான் எல்லை. அங்கிருந்து 6 டெசிபல் கீழே இறக்கி வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு யாரும் குமிழைத் தொடக்கூடாது, மாப்பிள்ளையின் சித்தப்பா உட்பட.

குளச்சல், ஆலயப் பாடகர் குழு

எங்கள் குழுத் தம்பிகள் மைக்கின் வலைத்தலையைக் கைக்குள் பொத்திப் பிடித்துப் பாடுவார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கீச்சென்று கத்தும். அண்ணாச்சி, கை பொத்துவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? தரையில் பாடகர்களுக்கென்று ஒரு ஸ்பீக்கரும் வைத்திருக்கிறோம், மைக்குக்கு நேர் பின்னால். மைக், கடைக்காரர் சொன்ன அதே சூப்பர் கார்டியாய்டு வகைதான்.

மார்த்தாண்டம், மைக் செட் தொழில்

உண்டு, தங்கச்சி. வலைத்தலையின் பின்பக்கமாகவும் மைக்குக்குக் காற்று போக வேண்டும். அந்த வழியில்தான் அது முதுகுச் சத்தத்தைத் தள்ளுகிறது. கை பொத்தினால் எல்லாத் திசையையும் கேட்கிற மைக்காக மாறிவிடும். கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மைக் நேர் முதுகிலும் கொஞ்சம் கேட்கும். அது குறைவாகக் கேட்கும் இடம் முன்னிலிருந்து சுமார் 125 டிகிரி திரும்பிய பின்மூலைகள். தரை ஸ்பீக்கரை அந்த மூலைக்கு நகர்த்திப் பாருங்கள். இடம் பார்க்காமல் மைக்கை மட்டும் மாற்றினால் பணம்தான் போகும்.

நாகர்கோவில், எலக்ட்ரானிக்ஸ் கடை

மைக் கதையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசிலைத் தானாகக் கண்டுபிடித்து வெட்டும் கருவிகள் இருக்கின்றனவே? இடம் மாற்றவே முடியாத மண்டபங்களுக்கு அதுதானே வழி?

திங்கள்சந்தை, மண்டபப் பொறுப்பாளர்

நேற்று காலம் ஸ்பீக்கர் இரண்டையும் இறக்கி, வாடகை ஸ்டாண்டில் முன்னால் நிறுத்திப் பார்த்தோம். அரையடி தூரத்தில் பேசினால் பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்கிறது, விசில் இல்லை. ஆனால் ஸ்பீக்கரை இன்னும் மூன்று மீட்டர் முன்னால் தள்ளியும் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. வேறொன்று: வால்யூமை ஏற்றினால் இப்போது கீச்சு அல்ல, "ஊ" என்று கனத்த ஊளை.

மார்த்தாண்டம், மைக் செட் தொழில்

வெறும் மண்டபத்தில் ஒரு தூரத்துக்கு மேல் ஸ்பீக்கரை நகர்த்திப் பயனில்லை, அண்ணே. டைல்ஸிலும் கூரையிலும் மோதித் திரும்பும் எதிரொலி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கும். அதுதான் மைக்கில் விழுகிறது. கூட்டம் நிறைந்தால் உடம்பும் துணியும் அதில் கொஞ்சத்தை விழுங்கும், இன்னும் சற்று ஏற்றலாம். கனத்த ஊளைக்கு பேஸ் குமிழைக் கொஞ்சம் குறையுங்கள். பேச்சுக்கு அது அவ்வளவு தேவையில்லை.

தம்பி சொன்ன கருவியை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். சில டெசிபல் கிடைக்கும். ஆனால் நீண்ட ஒரே சுருதியில் நாதஸ்வரம் இழுத்தால் அதையும் விசில் என்று நினைத்து வெட்டிவிடுகிறது. கல்யாண மண்டபத்துக்கு அது வேண்டுமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நாகர்கோவில், எலக்ட்ரானிக்ஸ் கடை

நாதஸ்வரச் சானலை மட்டும் அந்தக் கருவியில் சேர்க்காமல் விட்டால்?

மார்த்தாண்டம், மைக் செட் தொழில்

மிக்ஸர் இருந்தால் முடியும். அண்ணன் மண்டபத்தில் இருப்பது மைக் குமிழ் மூன்று உள்ள பழைய ஆம்ப்ளிஃபையர் போலத் தெரிகிறது. அதில் எங்கே பிரிப்பது? படம் எடுத்து அனுப்புங்கள் அண்ணே, பின்பக்கத்தையும் சேர்த்து.